கூட்டல் என்றால் கழித்தல்: குறி மாறிய கணக்குகளைத் தடுமாறாமல் போடுவது எப்படி

‘+’ என்பது ‘−’, ‘−’ என்பது ‘×’, ‘×’ என்பது ‘÷’, ‘÷’ என்பது ‘+’ எனில், கீழே உள்ளதன் மதிப்பு என்ன?

```
24 + 36 × 9 − 3 ÷ 5
```

விடைகள்: 7, 17, 77, 160.

போட்டித் தேர்வுகளின் திறனறிப் பகுதியில் அடிக்கடி வரும் வகை இது. இதில் இருக்கும் கணிதம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாது. ஆனாலும் நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள்கூட இதில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். நான்கு விடைகளையும் மறுபடி பாருங்கள். சரியான விடை 17. மற்ற மூன்றும் ஏதோ மனம்போன போக்கில் எழுதப்பட்ட எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையைச் செய்தால் வந்து நிற்கும் எண். அதனால் ‘நான் கண்டுபிடித்த எண் விடைகளில் இருக்கிறது, அப்படியானால் சரிதான்’ என்ற நிம்மதி இந்த வகைக் கணக்கில் செல்லாது. அந்த மூன்று பிழைகளும் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது. இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

கண் ஏன் ஏமாறுகிறது

1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். நிறத்தின் பெயர் ஒன்றை வேறு நிற மையில் அச்சிட்டுக் காட்டி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னார். நீல மையில் ‘சிவப்பு’ என்று எழுதியிருந்தால், ‘நீலம்’ என்று சொல்ல எல்லோருக்கும் கூடுதல் நேரம் ஆனது. எழுத்தைப் படிக்காமல் இருக்க நம்மால் முடிவதில்லை என்பதுதான் காரணம். ‘+’ குறியும் அப்படித்தான். பல வருடப் பழக்கத்தில் அதைப் பார்த்ததும் மனம் கூட்டத் தொடங்கிவிடுகிறது. ‘இங்கே இது கழித்தல்’ என்று நினைவில் வைத்துக்கொண்டே கணக்கும் போடுவது, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வது. முதல் இரண்டு குறிகள்வரை தாங்கும். மூன்றாவது குறியில் எங்கேயோ நழுவிவிடும்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். முதலில் மொழிபெயர்ப்பு, அது முழுவதும் முடிந்த பிறகே கணக்கு. மனதுக்குள் மாற்றிக்கொண்டே போடுவது வேகமான வழி மாதிரி தோன்றும். ஒரு வரி எழுத ஆகும் ஐந்தாறு விநாடியை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த மிச்சத்துக்காக ஒரு மதிப்பெண்ணைப் பணயம் வைப்பது நல்ல வியாபாரமாக எனக்குப் படவில்லை.

முதல் வேலை: அட்டவணையின் திசை

கேள்வியில் கொடுத்திருக்கும் மாற்றங்களை முதலில் ஓர் ஓரத்தில் அம்புக்குறியுடன் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தாளில் அச்சாகியிருக்கும் குறி. வலப்பக்கம் நாம் செய்ய வேண்டிய செயல்.

```
+  →  −
−  →  ×
×  →  ÷
÷  →  +
```

இதில் திசை முக்கியம். ‘+ என்பது − ஐக் குறிக்கும்’ என்றால் தாளில் + இருக்கும் இடத்தில் கழிக்க வேண்டும். ‘கழித்தலுக்குப் பதிலாக + பயன்படுத்தப்படுகிறது’ என்றாலும் அதே பொருள்தான், ஆனால் சொற்கள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. அவசரத்தில் படித்தால் அம்பு திரும்பிவிடும். திரும்பினால் என்ன ஆகும்? நம் கணக்கில் எல்லா அம்புகளையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 24 ÷ 36 − 9 + 3 × 5 என்று வரும். 24-ஐ 36-ஆல் வகுத்தால் பின்னம். எண்களைத் தேர்ந்தெடுத்தவர் 36-ஐயும் 9-ஐயும் பக்கத்தில் வைத்ததே வகுபட வேண்டும் என்றுதான். வகுத்தல் வரும் இடத்தில் எண்கள் வகுபட மறுத்தால், முதலில் அம்பின் திசையைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு விஷயமும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ‘குறிக்கும்’ என்பதும் ‘இடம் மாற்றினால்’ என்பதும் ஒன்றல்ல. ‘+, − ஆகிய குறிகளை ஒன்றுக்கொன்று மாற்றினால்’ என்றால் இரண்டு அம்புகள்: + கழித்தலாகும், − கூட்டலாகும். வெறுமனே ‘+ என்பது −’ என்று மட்டும் சொல்லி, −-ஐப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரே அம்புதான். − தன் பழைய பொருளிலேயே இருக்கும். 20 + 6 − 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் என்றால் 20 − 6 + 4, அதாவது 18. ஒருவழி என்றால் 20 − 6 − 4, அதாவது 10. கேள்வி எதைச் சொல்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். சொல்லாத குறியை நாமாக மாற்றக் கூடாது.

நான்கு குறிகளுக்கும் மாற்றம் கொடுத்திருந்தால் வலப்பக்கத்தில் நான்கு செயல்களும் ஒவ்வொரு முறை வந்திருக்கின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒன்று இரண்டு முறை வந்திருந்தால் பெரும்பாலும் நாம் தவறாகப் பார்த்து எழுதியிருப்போம்.

இரண்டாம் வேலை: எண்களை முதலில், குறிகளை அப்புறம்

மாற்றி எழுதும்போது இடமிருந்து வலமாக எண், குறி, எண், குறி என்று போவதுதான் வழக்கம். அதைவிடப் பத்திரமான முறை ஒன்று உண்டு. முதலில் எண்களை மட்டும் இடைவெளி விட்டு எழுதிவிடுங்கள்.

```
24 + 36 × 9 − 3 ÷ 5
24 _ 36 _ 9 _ 3 _ 5
```

இப்போது அட்டவணையின் முதல் அம்பை எடுங்கள். மேல் வரியில் + எங்கெங்கே இருக்கிறது? 24-க்கும் 36-க்கும் நடுவில் மட்டும். கீழே அந்த இடத்தில் − போடுங்கள். அடுத்த அம்பு: மேல் வரியில் − எங்கே? 9-க்கும் 3-க்கும் நடுவில். கீழே × போடுங்கள். இப்படியே நான்கு அம்புகளும் முடிந்தால்:

```
24 + 36 × 9 − 3 ÷ 5
24 − 36 ÷ 9 × 3 + 5
```

இதில் என்ன லாபம்? ஒரு நேரத்தில் ஒரே ஒரு அம்பைத்தான் நினைவில் வைக்கிறோம். தேடுவது எப்போதும் மேல் வரியில், எழுதுவது எப்போதும் கீழ் வரியில். கீழ் வரியை நாம் தேடவே போவதில்லை. கடைசியில் ஏதாவது இடம் காலியாக இருந்தால் உடனே கண்ணில் படும்.

இந்த ‘மேல் வரியில் தேடு, கீழ் வரியில் எழுது’ என்பதை மீறினால் வருவதுதான் 77. கேள்வித்தாளிலேயே குறிகளை அடித்துத் திருத்துகிறவர்களுக்கு இது நடக்கும். முதலில் + எல்லாவற்றையும் − ஆக்குகிறார்கள். அப்புறம் ‘− என்பது ×’ என்ற அம்பை எடுக்கும்போது, தாங்களே சற்று முன் எழுதிய −-ஐயும் சேர்த்து × ஆக்கிவிடுகிறார்கள். அடுத்த அம்பில் அத்தனையும் ÷. கடைசி அம்பில் அத்தனையும் +. 24 + 36 + 9 + 3 + 5 = 77. நம் அட்டவணை ஒரு வட்டமாகச் சுற்றி வருவதால், இப்படித் தொடர் மாற்றம் செய்தால் எல்லாக் குறிகளும் ஒரே குறியில் போய் விழும். மாற்றிய வரியில் ஒரே குறி அளவுக்கு மீறி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஒரு குறி ஒரே ஒரு முறைதான் மாறும். மாறியது மறுபடி மாறாது.

கணினியில் பயிற்சிக் கணக்கு தயாரிக்கிறவர்களும் இதே குழியில் விழுவதுண்டு. பைத்தானில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

```python
s = "24+36*9-3/5"
a = s.replace("+","-").replace("-","*")
a = a.replace("*","/").replace("/","+")
b = s.translate(str.maketrans("+-*/", "-*/+"))
print(a, eval(a))
print(b, eval(b))
```

முதல் வரி 77 என்று காட்டும், இரண்டாவது 17.0. `replace` ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகிறது, `translate` எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றுகிறது. தாளில் நாம் செய்ய வேண்டியது இரண்டாவது வேலையை.

மாற்றி எழுதி முடித்ததும் மேல் வரியைக் கையாலோ தாளாலோ மறைத்துவிடுங்கள். இனி அது தேவையில்லை. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டால் அடுத்த பிழைக்கு வழி திறந்துவிடும்.

மூன்றாம் வேலை: முன்னுரிமை எதைச் சேர்ந்தது?

160 எப்படி வருகிறது என்று பாருங்கள். குறிகளின் பொருளைச் சரியாகவே மாற்றுகிறார்கள். ஆனால் எதை முதலில் செய்வது என்பதைப் பழைய வரியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பழைய வரியில் × 36-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கிறது. ‘பெருக்கல் முதலில்’ என்ற பழக்கத்தில் அந்த ஜோடியை எடுத்து, மாற்றிய பொருளின்படி 36 ÷ 9 = 4 என்று போடுகிறார்கள். அடுத்து பழைய ÷, 3-க்கும் 5-க்கும் நடுவில். மாற்றிய பொருளில் 3 + 5 = 8. இப்போது மிச்சம் 24, 4, 8. 24 − 4 = 20, 20 × 8 = 160.

ஒவ்வொரு சிறு கணக்கும் சரிதான். வரிசைதான் தப்பு. முன்னுரிமை என்பது குறியின் உருவத்துக்கு உரியதல்ல, அது குறிக்கும் செயலுக்கு உரியது. தாளில் ÷ என்று அச்சாகியிருந்தாலும் அது இங்கே கூட்டல் என்றால், கூட்டலுக்குரிய இடத்தில்தான் அது காத்திருக்க வேண்டும்.

உருவத்துக்கும் செயலுக்கும் நிரந்தர உறவு எதுவும் கிடையாது என்பதற்கு வரலாறே சாட்சி. + மற்றும் − குறிகள் அச்சுப் புத்தகத்தில் 1489-இல் யோஹன்னஸ் விட்மன் நூலில் வந்தன. ÷ குறியை வகுத்தலுக்கு என்று 1659-இல் அச்சில் பயன்படுத்தியவர் யோஹான் ரான். அதே ÷ குறி டென்மார்க்கிலும் நார்வேயிலும் நீண்ட காலம் கழித்தலைக் குறிக்கப் பயன்பட்டது. ÷ என்றால் கழித்தல் என்பது அவர்களுக்குப் புதிர்க் கணக்கே அல்ல!

எல்லா அட்டவணையிலும் இந்தப் பிழை வராது என்பதையும் சொல்ல வேண்டும். செயல்களில் இரண்டு படிகள் உண்டு. பெருக்கலும் வகுத்தலும் மேல்படி, கூட்டலும் கழித்தலும் கீழ்ப்படி. அட்டவணையில் + கழித்தலாகவும், − கூட்டலாகவும், × வகுத்தலாகவும், ÷ பெருக்கலாகவும் மாறினால் எந்தக் குறியும் தன் படியை விட்டுப் போகவில்லை. பழைய வரியின் முன்னுரிமையைப் பார்த்துப் போட்டாலும் அதே விடை வந்துவிடும். நம் அட்டவணையில் + → −, × → ÷ இரண்டும் படிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் − → × கீழிருந்து மேலே ஏறுகிறது, ÷ → + மேலிருந்து கீழே இறங்குகிறது. கோவையின் உருவத்தையே மாற்றுவது இந்த இரண்டும்தான். எளிய அட்டவணைகளில் பழகிவிட்டு, ‘நமக்கு இது வரும்’ என்று வந்தவர்கள் படி தாண்டும் அட்டவணையைக் கண்டதும் சறுக்குவதற்குக் காரணம் இதுதான். அம்புகளை எழுதியதும் படி தாண்டும் அம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வேலை: துண்டு போட்டுக் கணக்கிடுதல்

இப்போது நம்மிடம் இருப்பது 24 − 36 ÷ 9 × 3 + 5. சாதாரணக் கணக்கு. ஆனால் 7 என்ற பொறி இன்னும் மிச்சம் இருக்கிறது.

போட்மாஸ் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லில் கூட்டல் முன்னாலும் கழித்தல் பின்னாலும் வருகிறது. அதனால் பலர் கூட்டலை முடித்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 24 − 12 + 5 என்ற நிலைக்கு வந்ததும் 12 + 5 = 17 என்று கூட்டி, 24 − 17 = 7 என்று முடிக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: இடையில் வந்த 17 சரியான விடையோடு ஒத்துப்போகிறது. அது தற்செயல். ஆனால் தேர்வில் இந்த மாதிரித் தற்செயல்கள் குழப்பத்தை இன்னும் கூட்டும்.

கூட்டலும் கழித்தலும் சம உரிமை உள்ளவை. எது இடப்பக்கம் முதலில் வருகிறதோ அது முதலில். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே. 36 ÷ 9 × 3 என்பதில் வகுத்தல் முதலில் வருவதால் 4 × 3 = 12. 9 × 3-ஐ முதலில் பெருக்கி 36 ÷ 27 என்று போனால் பின்னம் வந்து நிற்கும்.

இந்தக் குழப்பத்தை வேரோடு தவிர்க்க, + மற்றும் − வரும் இடங்களில் கோவையை வெட்டிவிடுங்கள். முன்னால் இருக்கும் குறி அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டே வர வேண்டும்.

```
24  |  − 36 ÷ 9 × 3  |  + 5
24  |  − 12          |  + 5
```

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே இருக்கும். அவற்றை இடமிருந்து வலமாக முடியுங்கள். பிறகு + துண்டுகளை ஒரு பக்கம் சேருங்கள்: 24 + 5 = 29. − துண்டுகளை ஒரு பக்கம்: 12. 29 − 12 = 17. குறி துண்டோடு ஒட்டியிருப்பதால் 12-ஐயும் 5-ஐயும் சேர்த்துக் கழிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

துண்டு போடாமல், முன்னுரிமையே பார்க்காமல், இடமிருந்து வலமாக ஓட்டினால் என்ன வரும் என்றும் பார்த்துவிடலாம். 24 − 36 = −12. அதை 9-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் −4. 5 கூட்டினால் 1. நடுவில் பின்னம் வந்தும் கடைசியில் அழகான முழு எண்ணாக முடிகிறது. முழு எண் வந்துவிட்டது என்பதற்காக விடையை நம்ப முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மறுபக்கம், நடுவில் பின்னம் வந்தால் பெரும்பாலும் எங்கேயோ தவறியிருக்கிறோம். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. 7 ÷ 2 × 4 என்ற துண்டில் 3.5 வருவது இயல்பு, விடை 14. வகுக்கும் எண்ணைக் கடைசியில் வைத்து 7 × 4 ÷ 2 என்று எழுதிக்கொண்டால் பின்னமே வராது. இப்படி நகர்த்தும்போதும் முன்னால் உள்ள குறி எண்ணோடு சேர்ந்து நகர வேண்டும்.

அடைப்புக்குறியும் குறை எண்ணும்

அடைப்புக்குறிகள் மாறுவதில்லை. எண்களை எழுதும்போதே அவற்றையும் கீழ் வரிக்கு இறக்கிவிடுங்கள். அதே அட்டவணையில்:

```
50 + (6 − 4 ÷ 8) × 4
50 − (6 × 4 + 8) ÷ 4
```

உள்ளே 24 + 8 = 32. 32 ÷ 4 = 8. 50 − 8 = 42. பழைய வரியின் ÷-ஐ நம்பி 4-ஐயும் 8-ஐயும் முதலில் சேர்த்தவர்களுக்கு உள்ளே 6 × 12 = 72, கடைசியில் 32 கிடைக்கும்.

சில கேள்விகளில் (−5) மாதிரி குறை எண் வரும். இரண்டு எண்களுக்கு நடுவில் நின்று அவற்றை இணைக்கும் குறிதான் செயல், அதுதான் மாறும். எண்ணோடு ஒட்டி அடைப்புக்குள் இருக்கும் − அந்த எண்ணின் ஒரு பகுதி. 9 − (−5) என்பது நம் அட்டவணையில் 9 × (−5), அதாவது −45. விடை குறை எண்ணாக வந்தால் பதறவும் வேண்டாம், கழித்தல் இருக்கும் இடத்தில் அது சாதாரணம்.

எழுத்துகளைக் குறிகளாக வைக்கும் வகையும் உண்டு: க என்றால் கூட்டல், ப என்றால் பெருக்கல் என்பது போல. இது எளிது. எழுத்தைப் பார்த்துக் கை தானாகக் கூட்டாது. எழுத்தும் செயலின் பெயரும் வேண்டுமென்றே முரண்பட்டால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கும் அதே எண்-முதலில் முறையே போதும்.

எந்த இரண்டை மாற்றினால் சரியாகும்?

இதே குடும்பத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு தவறான சமன்பாட்டைக் கொடுத்து, எந்த இரண்டு குறிகளை இடம் மாற்றினால் அது சரியாகும் என்று கேட்பார்கள்.

```
9 × 4 ÷ 20 − 5 + 2 = 34
```

விடைகள்: (அ) + மற்றும் −, (ஆ) + மற்றும் ×, (இ) × மற்றும் ÷, (ஈ) − மற்றும் ÷.

நான்கையும் முழுதாகப் போட்டுப் பார்ப்பது நேர்மையான வழி, ஆனால் நேரம் போகும். முதலில் வகுத்தலைப் பாருங்கள். அது 20-க்கு முன்னால் நிற்கிறது. (அ)-விலும் (ஆ)-விலும் ÷ நகரவே இல்லை. (அ)-வில் 36 ÷ 20 = 1.8, மற்றவை முழு எண்கள், ஆக விடை முழு எண்ணாக வர வழியே இல்லை. (ஆ)-வில் 9 + 4 ÷ 20 − 5 × 2 என்றாகிறது, 4 ÷ 20 = 0.2, அந்தப் பின்னமும் கரையாது. வலப்பக்கம் 34 முழு எண். இரண்டையும் பெருக்காமல் கூட்டாமல் தள்ளிவிடலாம்.

மிச்சம் இரண்டு. (இ): 9 ÷ 4 × 20 − 5 + 2. முதல் துண்டை 9 × 20 ÷ 4 = 45 என்று போட்டால், 45 − 5 + 2 = 42. ஆகாது. (ஈ): 9 × 4 − 20 ÷ 5 + 2. 36 − 4 + 2 = 34. சரி.

(இ)-யைக் கவனியுங்கள். 9 ÷ 4 என்றதும் ‘பின்னம், தள்ளு’ என்று அவசரப்பட்டிருந்தால் காரணம் தப்பாக இருந்திருக்கும். பின்னத்தை வைத்துத் தள்ளும்போது, அதே துண்டில் அதைச் சரிசெய்யும் பெருக்கல் பின்னால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தள்ள வேண்டும். இங்கே அவசரம் விடையைக் கெடுக்கவில்லை, வேறொரு கணக்கில் கெடுக்கும்.

மூன்று கணக்குகள், பிழை கண்டுபிடிக்க

முதலாவது, மேலே உள்ள அதே அட்டவணையில்: 8 − 7 + 54 × 6 ÷ 11.

இரண்டாவது, + என்பது −, − என்பது ÷, ÷ என்பது ×, × என்பது + எனில்: 70 + 48 − 12 ÷ 3 × 5.

மூன்றாவது, + மற்றும் × மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால்: 7 + 5 − 18 ÷ 6 × 4.

தாளில் போட்டு முடித்த பிறகு கீழே படியுங்கள்.

முதல் கணக்கு 8 × 7 − 54 ÷ 6 + 11 ஆகும். துண்டுகள் 56, −9, +11. விடை 58. உங்களுக்கு 36 வந்திருந்தால் 9-ஐயும் 11-ஐயும் சேர்த்துக் கழித்திருக்கிறீர்கள். அது கூட்டலை முதலில் செய்ததாலும் வரலாம், பழைய வரியின் முன்னுரிமையைப் பின்பற்றியதாலும் வரலாம். எது என்று தெரிய உங்கள் தாளில் மாற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி இருந்தால் முதல் காரணம், வரியே எழுதாமல் போட்டிருந்தால் அநேகமாக இரண்டாவது. 86 வந்திருந்தால் எல்லாக் குறியும் + ஆகிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது 70 − 48 ÷ 12 × 3 + 5. நடுத்துண்டு 4 × 3 = 12. ஆக 75 − 12 = 63. விடை 53 என்றால் 12-ஐயும் 5-ஐயும் சேர்த்திருக்கிறீர்கள். நடுவில் 48 ÷ 36 வந்து நின்றிருந்தால் வகுத்தலுக்கு முன்பே பெருக்கியிருக்கிறீர்கள். இந்த அட்டவணையில் படி தாண்டுவது ஒரு ஜோடி: − மேலே ஏறுகிறது, × கீழே இறங்குகிறது.

மூன்றாவது 7 × 5 − 18 ÷ 6 + 4. துண்டுகள் 35, −3, +4. விடை 36. இங்கே 23 வந்திருந்தால் +-ஐ மட்டும் மாற்றி, கடைசி ×-ஐ அப்படியே விட்டிருக்கிறீர்கள்: 35 − 18 ÷ 6 × 4 = 35 − 12. இடமாற்றத்துக்கு இரண்டு அம்புகள், ஒன்றைத்தான் எழுதியிருக்கிறீர்கள். 28 வந்திருந்தால் குறி மாற்றத்தில் தப்பில்லை, துண்டு போட்டதில்தான்: 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து 7 ஆக்கிக் கழித்திருக்கிறீர்கள்.